விண்ணப்பக் குவியலில் ஒரு நேர்மையான வரி

யூ.சி. எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகள் அனுப்பும் கட்டுரைகளைப் பேராசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து படிப்பார்கள் என்றுதான் இங்கே பல பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் யூ.சி.எல்.ஏ. என்ற ஒரு வளாகத்துக்கு மட்டும் முதலாண்டுச் சேர்க்கைக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வருகின்றன. சேர்க்கை அலுவலகத்து ஊழியர்கள் மட்டும் இதைப் படித்து முடிக்க முடியாது. அதனால் பள்ளி ஆசிரியர்கள், மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர்கள் போன்றவர்களைப் பருவத்துக்கு மட்டும் ரீடர்களாக எடுத்து, பயிற்சி கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள். நான் அப்படி ஒரு ரீடர். பகலில் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். யூ.சி. வளாகங்களில் ஒன்றுக்காகக் குளிர்கால இரவுகளில் வீட்டிலிருந்தே விண்ணப்பம் படிக்கிறேன். நான் வேலை பார்க்கும் பள்ளியின் பிள்ளைகளுடைய விண்ணப்பம் என் கைக்கு வராது.

படித்ததை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே இங்கே நான் சொல்லும் பையனின் ஊர், பாடம், வேலை எல்லாவற்றையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். அவன் எழுதிய வரியின் சாரத்தை மட்டும் மாற்றவில்லை.

ஒரு கோப்பைத் திறந்தால் எங்களுக்கு என்ன தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் அந்த வரிக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பது புரியாது. யூ.சி. 2021 முதல் சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் பொதுவாகக் கிடையாது. பாடங்களையும் கிரேடுகளையும் மாணவரே தட்டச்சு செய்கிறார். பள்ளியின் சான்று, இடம் கிடைத்த பிறகுதான் வரும். பள்ளியைப் பற்றிய விவரம் திரையில் இருக்கும்: அங்கே கல்லூரித் தரத்து ஏ.பி. பாடங்கள் எத்தனை உண்டு, அந்தப் பள்ளியிலிருந்து விண்ணப்பித்த மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இவர் எங்கே நிற்கிறார் என்பதெல்லாம். பிறகு செயல்பாடுகள் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம் என்ற கணக்கோடு. கடைசியாகக் கட்டுரைகள். எட்டு கேள்விகளில் பிடித்த நான்கை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். எந்தக் கேள்விக்கும் கூடுதல் மதிப்பு கிடையாது. சவாலைப் பற்றிய கேள்வியைத் தேர்ந்தெடுத்தால் அனுதாபம் கிடைக்கும் என்று சொல்வதில் உண்மை இல்லை.

அதாவது, ஒரு பிள்ளையின் கிரேடு ஏன் சறுக்கியது என்பதை எங்களுக்குச் சொல்ல ஆசிரியர் வரமாட்டார், கவுன்சிலர் வரமாட்டார். அந்தப் பிள்ளையே சொன்னால்தான் உண்டு.

நான் எப்போதும் பள்ளி விவரம், கிரேடு, செயல்பாடு, கட்டுரை என்ற வரிசையில்தான் படிப்பேன். கட்டுரையை முதலில் படித்தால் எழுத்து நடையில் மயங்கிவிடுவோம். கிரேடுகளைப் பார்க்கும்போதே எனக்குள் எழும் கேள்விகளைக் குறிப்புப் பெட்டியில் எழுதிவிடுவேன். அப்புறம் கட்டுரைக்குப் போகும்போது, இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்றுதான் கண் தேடும்.

அன்றைக்கு ஜனவரி மாத இரவு, பதினொன்றைத் தாண்டியிருந்தது. அதுவரை படித்தவை எல்லாமே நல்ல கட்டுரைகள். இலக்கணப் பிழை கிடையாது. முதல் வரியில் ஒரு வாசனையோ சத்தமோ இருக்கும். நடுவில் ஒரு தோல்வி, கடைசிப் பத்தியில் ஒரு ஞானம். ரோபாட்டிக்ஸ் அணியின் தலைவி ஒருத்தி, போட்டிக்கு முந்தைய இரவு மோட்டார் கருகும் வாசனையில் ஆரம்பித்திருந்தாள். படிக்கச் சுகமாக இருந்தது. முடித்துவிட்டுக் குறிப்புப் பெட்டியில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். ‘இரண்டு வருடம் அணித் தலைவி’ என்று எழுதலாம். அது செயல்பாடுகள் பட்டியலிலேயே இருக்கிறது. ‘தலைமை என்றால் காதுகொடுத்துக் கேட்பது என்று கற்றுக்கொண்டார்’ என்று எழுதலாம். அதை அந்த வாரத்திலேயே பலர் கற்றுக்கொண்டிருந்தார்கள். மோட்டார் ஏன் கருகியது, இவள் யாரிடம் என்ன கேட்டாள், யார் சொன்னதைக் கேட்டு எந்த முடிவை மாற்றினாள் என்று எதுவும் இல்லை. 350 சொற்களும் போய்விட்டன. எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

மெருகு போட்டு எழுதுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண் நிச்சயமாக உழைத்திருக்கிறாள். ஆனால் திருத்தத் திருத்த, முதல் வரைவில் இருந்திருக்கக்கூடிய தகவல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகின்றன. கூச்சமாக இருக்கும் விவரம் முதலில் போகும். யார் பெயரையாவது கெடுக்குமோ என்று தோன்றுவது அடுத்துப் போகும். மிஞ்சுவது யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய ஒரு கட்டுரை. நாங்கள் அதை ஆங்கில வகுப்புத் தேர்வுபோல நடைக்கு மதிப்பெண் போட்டுத் திருத்துவதில்லை. பயிற்சியிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து வந்தது அந்தப் பையனின் கோப்பு. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் சின்ன ஊர், சின்னப் பள்ளி, விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஏ.பி. பாடங்கள். பத்தாம் வகுப்பில் அல்ஜீப்ரா இரண்டில் இரு பருவமும் ஏ. பதினோராம் வகுப்பில் பிரீகால்குலஸ்: முதல் பருவம் டி, இரண்டாம் பருவம் சி. அந்தக் கோடையில் பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் அதே பாடத்தைத் திரும்ப எடுத்து பி. பன்னிரண்டில் ஏ.பி. கால்குலஸ் படித்துக்கொண்டிருக்கிறான். செயல்பாடுகளில், ஊர் நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது, 10, 11, 12 மூன்று வகுப்பிலும், வாரம் நான்கு மணி நேரம்.

மற்ற பாடங்களில் ஏ, பி. கணக்கில் மட்டும்தான் இந்தச் சறுக்கல், அதுவும் அடுத்தவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பையனுக்கு. குறிப்புப் பெட்டியில் ‘11-ல் கணக்கு சரிவு, காரணம்?’ என்று எழுதிவிட்டுக் கட்டுரைகளுக்குப் போனேன்.

முதல் கட்டுரை தலைமைப் பண்பு பற்றியது. நூலக வகுப்புகளை ஒருங்கிணைத்த கதை. இரண்டாவது, குடும்பம் வீடு மாறியதில் வந்த சிரமம், அதில் புயலும் கலங்கரை விளக்கமும் வந்தன. மூன்றாவது, உணவு சேகரிப்பு முகாம். மூன்றும் அன்றிரவு நான் படித்த மற்றவற்றைப் போலவே இருந்தன. என் கேள்விக்குப் பதில் இல்லை.

நான்காவது, ‘உன்னுடைய மிகப் பெரிய திறமை என்ன, அதை எப்படி வளர்த்துக்கொண்டாய்’ என்ற கேள்விக்கு. ‘எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க வரும்’ என்று சாதாரணமாக ஆரம்பித்திருந்தான். இரண்டாம் பத்தியின் நடுவே இது வந்தது:

‘எல்லோரும் என்னிடம் வந்து சந்தேகம் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது, அந்த இடத்தை விட மனமில்லாமல்தான் பிரீகால்குலஸ் எனக்குப் புரியாதபோது நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை.’

அவ்வளவுதான். அதற்கு முன்னால் பீடிகை இல்லை, பின்னால் வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. அடுத்த வரியிலேயே, டி வந்த பிறகு மதிய உணவு இடைவேளையில் ஆசிரியரிடம் போனதைச் சொல்கிறான். அவர் பாடத்தைத் தொடங்காமல் `log(ab) = log a + log b` என்று எழுதி, இது ஏன் என்று கேட்டாராம். நூலகத்தில் பிள்ளைகளுக்கு இவன் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த விதி அது. ஏன் என்று இவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. தனக்குத் தெரிந்ததெல்லாம் படிகள் மட்டுமே என்பது அப்போதுதான் புரிந்தது என்கிறான். லாகரிதம் என்பது ஓர் அடுக்கு, எண்களைப் பெருக்கும்போது அவற்றின் அடுக்குகளைக் கூட்டுகிறோம், அதனால்தான் இந்த விதி என்பதை அவனே கண்டுபிடிக்கும்வரை ஆசிரியர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நூலகத்தில் யாராவது ஒரு விதியைக் கேட்டால், முதலில் எண்களைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறானாம். 8-ஐயும் 4-ஐயும் இரண்டின் அடுக்காக எழுது, பெருக்கு, அடுக்குகளுக்கு என்ன ஆகிறது பார். இதனால் ஒரு மணி நேரத்தில் முன்பு முடித்த அளவு முடிவதில்லை, சில பிள்ளைகள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறான்.

வேதியியல் வகுப்பில் நானும் இதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். சமன்பாட்டைச் சமன்செய்யும் படிகள் தெரிந்த பிள்ளை, ஏன் சமன்செய்ய வேண்டும் என்று கேட்டால் திகைக்கும். அதைத் தன்னிடம் தானே கண்டுகொண்டு, பதினேழு வயதில் எழுத்தில் வைக்கிற பிள்ளை அபூர்வம்.

கட்டுரையை விட்டுவிட்டு மறுபடி கிரேடுகளுக்குப் போனேன். இப்போது அந்தப் பக்கம் வேறு மாதிரி படிக்க முடிந்தது. டி வந்தது முதல் பருவத்தில். அதற்குப் பிறகுதான் ஆசிரியரிடம் போயிருக்கிறான். இரண்டாம் பருவம் சி. கோடையில் திரும்ப எடுத்திருக்கிறான். யூ.சி. விதிப்படி டி அல்லது எஃப் வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்தால்தான் புதிய கிரேடு செல்லும். சி-யைத் திரும்ப எடுத்துப் பயனில்லை. ஆக, அவன் சரியானதைத்தான் செய்திருக்கிறான். பிறகு பயந்து சுலபமான பாடத்துக்கு ஒதுங்காமல் கால்குலஸ் எடுத்திருக்கிறான். நூலக வகுப்பு மூன்று வருடமும் தொடர்கிறது. அவன் சொன்னதும் கோப்பில் இருப்பதும் ஒன்றோடொன்று பொருந்தின. குறிப்புப் பெட்டியில் இப்படி எழுதினேன்: ‘11-ல் டி: உதவி கேட்கத் தயங்கியதாகத் தானே சொல்கிறார். ஆசிரியரிடம் போன பின் சி, கோடையில் பி, 12-ல் கால்குலஸ். சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றியிருக்கிறார், எப்படி என்று விளக்குகிறார்.’ முந்தைய கேள்விக்குறியை எடுத்துவிட்டேன்.

ஆனால் மதிப்பெண்ணை அன்றிரவு போடவில்லை. களைத்த கண்ணுக்கு, ஒரே மாதிரிக் கட்டுரைகள் நடுவே வருகிற எந்த வித்தியாசமான வரியும் பெரிதாகத்தான் தெரியும். நல்ல கோப்புக்கு அடுத்து வருகிற சாதாரணக் கோப்பு மட்டமாகத் தெரிவதும் உண்டு. இது எல்லா ரீடர்களுக்கும் நடக்கும். அதனால் இரவின் கடைசி மணி நேரத்தில் படித்தவற்றை மறுநாள் காலையில் கிரேடுகளிலிருந்து தொடங்கி இன்னொரு தடவை பார்த்த பிறகே மதிப்பெண் போடுவேன். இதே வேலைக்கு வருகிற நண்பர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். காலையில் படித்தபோது அவனுடைய கலங்கரை விளக்கம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. கணக்குக் கட்டுரை அப்படியே நின்றது.

சரி, அந்த ஒரு வரியால் அவனுக்கு இடம் கிடைத்ததா? எனக்குத் தெரியாது, தெரியவும் வராது. நான் படித்த கோப்பை இன்னொரு ரீடரும் என் குறிப்பைப் பார்க்காமல் படிப்பார். இருவர் மதிப்பெண்ணும் ரொம்ப விலகினால் மூன்றாவதாக ஒருவர் பார்ப்பார். அதற்குப் பிறகு எந்தத் துறைக்கு எத்தனை இடம் என்பதெல்லாம் வேறு ஆட்களின் வேலை. என் பங்கு, அவன் கணக்குச் சறுக்கலைப் பலவீனமாக மட்டும் எண்ணாமல், அதற்குப் பின் அவன் செய்ததையும் சேர்த்து எண்ணியது. அது மதிப்பெண்ணை நகர்த்தியது. கிரேடுகள் மொத்தமும் மோசமாக இருந்திருந்தால் எந்த வரியாலும் அதை நகர்த்தியிருக்க முடியாது.

இதைக் கேட்டுவிட்டு, ‘அப்படியென்றால் ஒரு குறையை ஒப்புக்கொண்டு எழுதினால் போதும்’ என்று யாராவது முடிவு செய்வார்களோ என்று எனக்குக் கவலை. குறையை ஒப்புக்கொள்ளும் கட்டுரைகளும் குவியலில் நிறைய வருகின்றன, அவற்றிலும் அதே மெருகுதான். ‘நான் கர்வம் பிடித்தவனாக இருந்தேன்’ என்று ஆரம்பிக்கும். எந்த வகுப்பில், யாரிடம், அதனால் என்ன கெட்டது என்று இருக்காது. ஐந்தாவது வரியில் திருந்தியிருப்பார். கோப்பின் மற்ற பக்கங்களைப் புரட்டினால் அந்தக் கர்வத்துக்கும் ஒரு தடயம் இருக்காது, திருந்தியதற்கும் இருக்காது. எழுதியவருக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை. அந்தப் பையன் எழுதியதில் நஷ்டம் இருந்தது: டி வாங்கியதை மறுபடி ஞாபகப்படுத்துகிறான், தான் சொல்லிக்கொடுத்தது அரைகுறை என்கிறான், பிள்ளைகள் விட்டுப் போனதைச் சொல்கிறான். ஒவ்வொன்றையும் கோப்பில் வைத்துப் பார்க்கவும் முடிகிறது. இதோடு, யூ.சி. சில விண்ணப்பங்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, எழுதியதற்கு ஆதாரம் கேட்பதும் உண்டு. ஜோடித்து எழுதுகிறவர்கள் அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போன கோடையில் ஃப்ரீமான்ட் நகரில் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் பெண் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். அம்மா ஒரு கோப்புறையை நீட்டி, “அக்கா, நாலு கட்டுரையும் எழுதிட்டா. ஒரு தடவை பாத்துக் குடுங்களேன்” என்றார். ரீடராக இருந்துகொண்டு நான் எந்த விண்ணப்பதாரரின் கட்டுரையையும் பார்க்கக்கூடாது. அதைச் சொல்லிவிட்டு, எப்படிப் படிப்போம் என்று மட்டும் விளக்கினேன்.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். கட்டுரைகளை மூடி வை. உன் கிரேடுகளையும் செயல்பாடுகள் பட்டியலையும் மட்டும் எடுத்து, உன்னைத் தெரியாத ஒருவர் பார்ப்பதுபோல் பார். எங்கே அவர் நின்று ‘இது ஏன்?’ என்று கேட்பார்? அந்த இடத்தைப் பென்சிலால் குறி. திடீரென்று நின்றுபோன செயல்பாடு, ஒரு பருவம் மட்டும் இறங்கிய கிரேடு, எடுத்திருக்கக்கூடிய பாடத்தை எடுக்காதது. பிறகு உன் கட்டுரைகளில் அதற்குப் பதில் இருக்கிறதா என்று தேடு. இல்லையென்றால், என்ன நடந்தது என்று உன் தோழியிடம் சொல்வதுபோல் ஒரே வாக்கியத்தில் எழுது. அதற்குப் பிறகு நீ என்ன செய்தாய் என்பதற்கு மிச்ச இடத்தைக் கொடு. அழகுபடுத்துகிற யாரிடமும் அந்த வாக்கியத்தைக் கொடுக்காதே; எழுத்துப் பிழை மட்டும் பார்.

அந்தப் பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். பரதநாட்டியம் ஒன்பது, பத்து என்று இருந்தது, பதினொன்றில் இல்லை. “இத ஏன் நிறுத்தினேன்னு எழுதணுமா?” என்றாள். அம்மா உடனே, “அதெல்லாம் வேண்டாம், படிப்புக்காக நிறுத்தினான்னு போட்டுடலாம்” என்றார். பெண் ஒன்றும் சொல்லவில்லை. நான் அம்மாவிடம், அவள் நிறுத்தியது எங்களுக்குத் தெரியும், அது பட்டியலிலேயே இருக்கிறது, காரணம்தான் தெரியாது, என்றேன். எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்றும் இல்லை. வீட்டுக்குள் இருக்க வேண்டியது வீட்டுக்குள்ளேயே இருக்கலாம், அதற்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள். ஆனால் சொல்வதென்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும். ‘படிப்புக்காக’ என்று போட்டுவிட்டு, அந்த வருடக் கிரேடும் ஏறாமல் இருந்தால், படிக்கிறவருக்கு இன்னொரு கேள்விதான் வரும்.

அரங்கேற்றத்துக்கு ஆகும் செலவைப் பற்றி வீட்டில் பேச்சு வந்ததும் தானாகவே நிறுத்திக்கொண்டதாக அந்தப் பெண் அப்போதுதான் சொன்னாள். அம்மாவுக்கு அது அதுவரை தெரியாது. இருவரும் பேசிக்கொள்ளட்டும் என்று நான் கிளம்பிவிட்டேன். நவம்பர் கடைசிக்குள் அவள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அதில் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.